வாழ்த்துக்குப் பின் வரும் கேள்வி

தீபாவளிக் காலையில் கைப்பேசி ஒலிக்கிறது. மறுமுனையில் பெரியப்பா. "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று தொடங்கி, வாழ்த்துச் சொல்லி, பட்சணம் என்னவென்று கேட்கிறார். சற்றே ஓர் இடைவெளி. பிறகு, "சரி, இப்ப கைக்கு எவ்வளவுப்பா வருது?" என்கிறார். ஊதியத்துக்குப் பதிலாகத் திருமணமாகவோ உடல் எடையாகவோ இருந்தாலும் அந்தக் கேள்வி பிறக்கும் இடம் மாறுவதில்லை. வாழ்த்துக்கு அடுத்த மூச்சில் அது வந்துவிடுகிறது.

வங்கி அலுவலர்களாகிய நாங்கள் பணிமாற்றத்தின் காரணமாகப் பல மாநிலங்களில் பண்டிகை கண்டவர்கள். விஜயதசமிக்குப் பின் பெரியோரின் பாதம் தொட்டு வணங்கி இனிப்பு உண்ணும் வங்காளத்து வீடுகளிலும், தீபாவளிக்கு முறுக்கும் கரஞ்சியும் தட்டில் வைத்து உறவினரை வரவேற்கும் மராத்திய வீடுகளிலும், வாழ்த்துக்கு அடுத்து இதே கேள்விகள் எழுவதைக் கேட்டிருக்கிறோம். மொழி மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. இம்மூன்றிலும் ஊதியக் கேள்வியே எங்கள் தொழிலோடு நெருங்கியது. அதற்கு அளிக்கும் பதில் பின்னாளில் எங்கள் மேசைக்கே வந்து சேர்வதைப் பார்க்கிறோம். ஆகவே அதை விரிவாகவும், மற்ற இரண்டையும் சுருக்கமாகவும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

சொல்லப்பட்ட ஒரு தொகையின் கதை

எங்களிடம் வந்த ஒரு வாடிக்கையாளரின் அனுபவம் இது. அடையாளங்களைத் தவிர்த்துச் சொல்கிறோம். மும்பை செம்பூரில் இரண்டு தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பம். மகன் புணேயில் பணிபுரிந்தார். ஒரு தீபாவளியன்று உறவினர் ஒருவர் கேட்டதும், "வருஷத்துக்குப் பன்னிரண்டு லட்சம், மாமா" என்று பெருமையும் கூச்சமுமாகச் சொல்லிவிட்டார். அன்று மாலைக்குள் அந்தத் தொகை குடும்பம் முழுவதும் பரவிவிட்டது. கேட்டவர்கள் அனைவரும் பன்னிரண்டால் வகுத்து, "மாதம் ஒரு லட்சம்" என்று மனத்தில் குறித்துக்கொண்டார்கள்.

அந்த வகுத்தல் கணக்கு சரிதான், பொருள்தான் தவறு. இன்றைய விதிகளின்படி, அடிப்படை ஊதியம் பாதியாக உள்ள ஒரு நிறுவனத்தில் அதே தொகையைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு லட்சத்தில் பத்தாயிரம் ரூபாய், ஆண்டிறுதியில் செயல்திறனைப் பொறுத்துக் கிடைக்கும் மாறுபடும் ஊதியம் என்று கொள்வோம். அது மாதந்தோறும் வராது. நிறுவனம் வருங்கால வைப்பு நிதிக்குச் செலுத்தும் பங்கு 6,000 ரூபாய். பணிக்கொடைக்கான ஒதுக்கீடு ஏறத்தாழ 2,400 ரூபாய். இவையும் அந்த ஒரு லட்சத்துக்குள்ளேயே அடக்கம். மீதி 81,600. அதிலிருந்து ஊழியரின் சொந்த வைப்பு நிதிப் பங்கு 6,000, மகாராஷ்டிரத்தின் தொழில் வரி 200 ஆகியவற்றைக் கழித்தால் வங்கிக் கணக்கில் வந்து விழுவது 75,400 ரூபாய். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் இந்த வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் இத்தொகையாவது நிற்கிறது. இதிலிருந்து வீட்டு வாடகை, கல்விக் கடன் தவணை, பெற்றோருக்கு அனுப்புவது ஆகியவை போனால் எஞ்சுவதை வாசகர்களே ஊகிக்கலாம்.

உறவினர் கேட்டது ஒரு லட்சம். இளைஞரின் கையில் இருந்ததோ அதில் ஒரு சிறு பகுதி. இந்த இடைவெளியில்தான் சிக்கல் தொடங்கியது. இரண்டு வாரம் கழித்து அதே மாமா, தமது மகனின் வியாபாரத்துக்கு வாங்கும் நான்கு லட்ச ரூபாய்க் கடனுக்குப் பிணையாளராகக் கையெழுத்திடக் கேட்டார். "உனக்கு இது ஒரு பெரிய விஷயமா?" என்றார். தொகையைத் தம் வாயாலேயே சொன்ன பிறகு, தம்மால் இயலாது என்று சொல்ல அந்த இளைஞருக்கு வழியில்லாமல் போயிற்று. கையெழுத்திட்டார்.

பிணை என்பது சாட்சிக் கையெழுத்து அன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128-இன்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் கூறப்படாத வரையில், கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவே பிணையாளரின் பொறுப்பும். கடன் வாங்கியவரிடம் எல்லா முயற்சியும் செய்து முடித்த பிறகே பிணையாளரிடம் வர வேண்டும் என்ற கட்டாயமும் வங்கிக்கு இல்லை. ஓராண்டுக்குச் சற்று மேல் தவணைகள் ஒழுங்காகச் செலுத்தப்பட்டன; பிறகு நின்றன. தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் இருந்ததால் அக்கணக்கு வாராக் கடன் ஆயிற்று. இளைஞர் தமது வீட்டுக் கடனுக்காக எங்களிடம் வந்தபோது, அவருடைய கடன் தகவல் அறிக்கையில் அந்தப் பிணையும் நிலுவையோடு நின்றுகொண்டிருந்தது. அவருடைய சொந்தத் தவணைகளில் ஒன்றுகூடத் தவறியதில்லை. வீட்டுக் கடன் தள்ளிப்போனது. மாமாவுடன் பேச்சும் நின்றுபோனது.

பகைத்துக்கொள்ளக் கூடாது என்று சொன்ன பதிலே கடைசியில் பகையாக முடிந்தது என்பதுதான் இதில் வருந்தத்தக்கது. அவர் அன்று தொகையைச் சொல்லாமல் இருந்திருந்தால் மாமாவுக்கு ஐந்து நிமிட மனக்குறை இருந்திருக்கலாம். உறவு மிஞ்சியிருக்கும்.

வங்கியில் நாங்கள் பழகும் முறை

உறவினரிடம் மறுப்பது எப்படி என்பதில் எங்களுக்குச் சற்றுப் பயிற்சி உண்டு. கிளையில் ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் வந்து, "எங்க சித்தப்பா கணக்குல எவ்வளவு இருக்கு, சும்மா சொல்லுங்க" என்று கேட்பார். வாடிக்கையாளர்களின் விவரங்களைக் காப்பது தேசிய வங்கிகளுக்கு 1970-ஆம் ஆண்டின் சட்டத்திலேயே கடமையாக வைக்கப்பட்டுள்ளது. பணியில் சேரும்போது அதற்கென உறுதிமொழியும் அளிக்கிறோம். ஆனால் சட்டப் பிரிவை எடுத்துச் சொன்னால் வந்தவர் புண்படுவார். பொய் சொன்னால் நம்பிக்கை போகும். அனுபவமுள்ள அலுவலர் செய்வது வேறு. எழுந்து வணக்கம் சொல்வார். "சித்தப்பாவுக்கு ஏதாவது அவசரமா? உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். விவரம் தர இயலாததை ஒரே வாக்கியத்தில் சொல்வார். பிறகு, "அவரை ஒரு தடவை கூட்டிக்கொண்டு வாருங்கள், நானே உட்கார்ந்து எல்லாம் சொல்கிறேன்" என்பார். வந்தவர் தொகையை அறியாமலே திரும்புவார். ஆனால் அவமதிக்கப்பட்டதாக எண்ணமாட்டார்.

இதில் மூன்று செயல்கள் வரிசையாக நிகழ்கின்றன. முதலில் மனிதருக்கு உரிய மரியாதை முழுமையாகக் கிடைக்கிறது. அடுத்து, கேள்விக்கு உள்ளே இருக்கும் கவலைக்குப் பதில் கிடைக்கிறது. கடைசியாகப் பேச்சு வேறொரு வாசல் வழியே தொடர்கிறது. கேட்ட எண் மட்டும் கிடைப்பதில்லை. பண்டிகைத் தொலைபேசிக்கும் இதே வரிசை பொருந்தும்.

வாழ்த்தை முதலில் முடித்துவிடுதல்

பலர் தவறுவது முதற்படியில். வாழ்த்து வந்ததும் அவசரமாக "ம், உங்களுக்கும்" என்று முடித்துவிடுகிறார்கள். அதனால் உண்டாகும் வெற்றிடத்தை அடுத்த கேள்வி நிரப்புகிறது. முறைப்பெயர் சொல்லி விளித்து, அவர் வீட்டாரை ஒவ்வொருவராகக் கேட்டு, சென்ற பண்டிகையில் நடந்த ஒன்றை நினைவுகூர்ந்தால், பாதி நேரங்களில் கேள்வியே எழாது. "பெரியப்பா, நமஸ்காரம். பெரியம்மா இந்த வருஷமும் மருந்து கிளறினாங்களா? போன தடவை கொடுத்தனுப்பினதுதான் எங்க வீட்ல எல்லாருக்கும் பிடிச்சது" என்பது போன்ற வாக்கியம், அவர் ஒதுக்கப்படவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறது. கேட்பவரில் பலருக்கு வேண்டியது அந்த உறுதிதான். ஆண்டுக்கு ஒரு முறை பேசும் பெரியவருக்கு நம் அன்றாடம் தெரியாது. அவருக்குத் தெரிந்த கேள்விகள் வேலை, ஊதியம், கல்யாணம் என்ற சிலவே.

எண் இல்லாத உண்மை

கேள்வி வந்தேவிட்டால், அதன் உள்ளே உள்ள கவலைக்கு உண்மையான ஒரு பதிலை அளிக்க வேண்டும். ஊதியக் கேள்வியின் உள்ளே பெரும்பாலும் இருப்பது "இவன் சிரமமில்லாமல் இருக்கிறானா?" என்பதே. ஆகவே, "குறைவில்லாம இருக்கேன் பெரியப்பா. வாடகை, கடன் தவணை போக மாசம் கொஞ்சம் சேமிக்கவும் முடியுது. உங்க ஆசீர்வாதம்" என்றால் கவலைக்குப் பதில் கிடைத்துவிட்டது. இதில் பொய் ஒன்றும் இல்லை. தவணை உண்டு என்பதையும் சொல்லியிருப்பதால், கையில் பணம் குவிந்து கிடக்கிறது என்ற எண்ணமும் எழாது. வாக்கியம் முடிந்த உடனேயே அவரிடம் ஒரு கேள்வியை ஒப்படைக்க வேண்டும். அது அவர் விரும்பிப் பேசும் பொருளாக இருக்க வேண்டும்: பேரனின் படிப்பு, புதிதாகக் கட்டும் மாடி, கண் அறுவைக்குப் பின் பார்வை எப்படி இருக்கிறது என்பது போல.

தவிர்க்க வேண்டியவை மூன்று. முதலாவது பொய்த் தொகை. குறைத்துச் சொன்னாலும் கூட்டிச் சொன்னாலும் அது நிலைப்பதில்லை. அத்தையிடம் ஒன்றும் சித்தப்பாவிடம் வேறொன்றும் சொல்லப்பட்டு, இருவரும் ஒரு திருமண வீட்டில் சந்திக்கும்போது இரண்டும் ஒன்றாக வைத்துப் பார்க்கப்படும். இரண்டாவது எதிர்க்கேள்வி. "உங்க பையனுக்கு எவ்வளவு வருது?" என்று கேட்டால், அவர் கூசாமல் ஒரு தொகையைச் சொல்லிவிடுவார், பிறகு நாமும் சொல்லாமல் இருக்க முடியாது. மூன்றாவது காரணம் கூறுதல். "எங்க கம்பெனியில சொல்லக் கூடாதுன்னு விதி" என்றால், "நான் யார்கிட்டப் போய்ச் சொல்லப் போறேன்?" என்று அந்தக் காரணத்தை அவர் எளிதில் விலக்கிவிடுவார். காரணம் சொன்னால் அதைப் பற்றி வாதம் எழும். காரணம் சொல்லாத வாக்கியத்தில் வாதத்துக்குப் பிடி இல்லை.

இரண்டாம் முறை கேட்டால்

சிலர் விடமாட்டார்கள். "அதெல்லாம் சரி, எவ்வளவுன்னு சொல்லேன்" என்பார்கள். அப்போது புதிய பதிலைத் தேடக் கூடாது. அதே பதிலை, அதே குரலில், சற்றுச் சுருக்கிச் சொல்வதே போதும்: "போதுமான அளவு வருது பெரியப்பா." குரல் உயர்ந்தாலோ சலிப்பு ஒலித்தாலோ அதுவே புண்படுத்தும், சொற்கள் புண்படுத்துவதில்லை. மூன்றாம் முறையும் கேட்டால் எல்லையை வெளிப்படையாகச் சொல்லலாம்: "தொகையை நான் யார்கிட்டயும் சொல்றதில்லை பெரியப்பா, தப்பா நினைக்காதீங்க. அம்மா பக்கத்துல இருக்காங்க, கொடுக்கட்டுமா?" 'யார்கிட்டயும்' என்ற சொல் இங்கே இன்றியமையாதது. தாம் மட்டும் விலக்கப்படவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஆகையால் அது உண்மையாகவும் இருக்க வேண்டும். ஒரு மாமாவுக்குச் சொல்லி இன்னொருவருக்கு மறைத்தால், மறைக்கப்பட்டவர் அறிந்துகொள்ள ஒரு மாதம்கூட ஆகாது.

அம்மாவிடம் கைப்பேசியைக் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை உண்டு. பிள்ளை காத்த தொகையை வீட்டிலிருப்போர் ஒரு நொடியில் சொல்லிவிடுவதை நிறையக் கண்டிருக்கிறோம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பிள்ளையின் ஊதியம் தாய்க்கு நற்செய்தி. பண்டிகைக்கு முந்தைய நாள் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து, "கேட்டால் 'குறைவில்லாமல் இருக்கிறான்' என்று சொல்லுவோம்" என ஒரே வாக்கியத்தைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது. குடும்ப வாட்சாப் குழுவில் கேள்வி வந்தால், அங்கே வாழ்த்துக்கு மட்டும் மறுமொழி இட்டு, கேட்டவரைத் தனியே அழைத்துப் பேசலாம். குழுவில் இட்ட தொகை எத்தனை கைப்பேசிகளில் தங்கும் என்பது நமக்குத் தெரியாது. மோசடிக்காரர்களுக்கும் இத்தகைய செய்திகள் பயன்படும்.

சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு

எல்லாரிடமும் எப்போதும் மறைப்பதும் அறிவன்று. திருமணப் பேச்சு உண்மையாகவே நடக்கும் இரு வீட்டார், ஊதியத்தையும் கடன்களையும் ஒளிவின்றிப் பகிர்ந்துகொள்வதே முறை. அது பண்டிகைத் தொலைபேசியில் அன்று, நேரில் நடக்க வேண்டும். வேலை மாறுவது குறித்து அதே துறையில் இருக்கும் அண்ணனிடம் ஆலோசனை கேட்கும்போது தொகையைச் சொல்லாமல் ஆலோசனை கிடைக்காது. அரசு ஊழியர்களுக்கும் எங்களைப் போன்ற வங்கிப் பணியாளர்களுக்கும் ஊதிய விகிதம் பொதுவில் வெளியாவது. அதை மறைக்க முயன்றால் நகைப்புக்கே இடமாகும். "ஸ்கேல் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் அத்தை, பிடித்தம் போக வர்றதுல வண்டி ஓடுது" என்று முடித்துவிடலாம். பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு: இந்த எண்ணைக் கொண்டு கேட்பவர் நமக்காக ஏதேனும் முடிவெடுக்கப் போகிறாரா என்று பார்க்க வேண்டும். ஆம் எனில் சொல்லலாம்.

பணம் கேட்கும் நோக்கம் உள்ளே இருப்பதாகத் தோன்றினால், ஊதியத்தைப் பற்றிய பேச்சை அதோடு நிறுத்தி, "ஏதாவது தேவை இருக்கா மாமா? பண்டிகை முடிஞ்சதும் நானே கூப்பிடுறேன்" என்று கேட்பது நேர்மையானது. இயன்ற ஒரு தொகையைக் கொடுப்பது, பிணைக் கையெழுத்தைவிடப் பெரும்பாலும் பாதுகாப்பானது. கொடுத்ததன் அளவு நமக்குத் தெரியும். பிணையின் அளவு, கடன் வாங்கியவர் நடந்துகொள்வதைப் பொறுத்தது.

திருமணமும் உடல் எடையும்

"எப்பக் கல்யாணச் சாப்பாடு?" என்ற கேள்விக்குப் பலரும் வழக்கமாகச் சொல்வது "பார்த்துட்டு இருக்காங்க" என்பது. உண்மையில் பார்க்கவில்லை என்றால் இப்படிச் சொல்லக் கூடாது. அடுத்த வாரமே நான்கு ஜாதகங்கள் வாட்சாப்பில் வந்துவிடும். ஒவ்வொன்றையும் மறுக்கும்போது நான்கு பேர் வருந்துவர். "முடிவானா நானே உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்றேன் அத்தை" என்பதே போதும். அதைச் சொன்னால் பிற்பாடு தவறாமல் செய்யவும் வேண்டும். நிச்சயம் முறிந்தவர், மணவிலக்குப் பெற்றவர் ஆகியோரிடம் கேள்வி வரும்போது, அருகிலுள்ள இன்னொருவர் பேச்சை ஏற்று மாற்றுவது அவருக்குச் செய்யும் பேருதவி.

எடையைப் பற்றி வருவது பெரும்பாலும் கேள்வியே அன்று. "என்ன இப்படி ஊதிட்டே?" என்பதும் "இளைச்சுட்டியே, சரியாச் சாப்பிடறதில்லையா?" என்பதும் நீண்ட நாள் கழித்துக் கண்டதன் அடையாளமாகவே பலர் வாயில் வருகின்றன. கேள்வி அல்லாததற்கு விளக்கம் தேவையில்லை. தைராய்டு, மருந்து, உணவுக் கட்டுப்பாடு என்று காரணம் சொல்லத் தொடங்கினால் பந்தி முழுவதும் மருத்துவம் பேசும். "நல்லா இருக்கேன் சித்தி. நீங்க உக்காருங்க, நான் பரிமாறுறேன்" என்று எழுந்துவிடலாம். குழந்தைகளிடம் இதைச் சொன்னால் மட்டும் பெற்றோர் விட்டுவிடக் கூடாது. குழந்தைக்குப் பதிலாகத் தாமே பேசி, "அவ இப்ப நீச்சல் கத்துக்கறா சித்தி, அதைக் கேளுங்க" என்று குழந்தையின் செயலை முன்னே வைக்க வேண்டும்.

கேட்பவர் பக்கத்திலிருந்து

நாற்பதைக் கடந்த நாங்களே இப்போது பெரியப்பாக்களாகவும் அத்தைகளாகவும் ஆகிவிட்டோம். அண்ணன் மகனை அழைக்கும்போது அதே கேள்வி நாக்கின் நுனியில் வந்து நிற்பதை உணர்கிறோம். "எவ்வளவு வருது?" என்பதை விட்டு "வேலை பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் அவன் பத்து நிமிடம் பேசுகிறான். முன்பு பத்து நொடியில் வைத்துவிடுவான்.

மகாராஷ்டிரத்தில் மகர சங்கராந்தியன்று எள்ளும் வெல்லமும் கலந்த உருண்டையைக் கையில் தந்து, இதைப் பெற்றுக்கொண்டு இனிமையாகப் பேசுங்கள் என்பார்கள். அங்கே பணியாற்றிய ஆண்டுகளில், கிளையில் அதைத் தந்தவர்களில் யாரும் எங்கள் ஊதியத்தைக் கேட்டதில்லை. கேட்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை, ஊதிய விகிதம் அவர்களுக்கும் தெரியும். வீட்டுக்குப் போனதும் அம்மாவின் தொலைபேசி வரும். அவரிடம் மட்டும் கடைசி ரூபாய் வரை சொல்லிவிடுவோம். அவர் யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்து.